கைரேகையில் எழுதியிருப்பது வருங்காலமா, கருக்காலமா?

மனிதனுடைய உள்ளங்கையில் இரண்டு வகையான கோடுகள் இருக்கின்றன. இரண்டையும் நாம் "ரேகை" என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். கையை நீட்டியவுடன் கண்ணில் படுகின்ற பெரிய கோடுகள் ஒரு வகை. ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை என்று சோதிடர்கள் பெயர் சூட்டியிருப்பவை இவைதாம். உண்மையில் இவை தோலில் விழுந்த மடிப்புகள். கை மூடித் திறக்கும்போது தோல் வசதியாக மடிவதற்கு ஏற்ற தடங்கள் என்று சொல்லலாம்.

மற்ற வகையைக் காண்பதற்குக் கையைச் சற்று வெளிச்சத்திற் சரித்துப் பார்க்க வேண்டும். உழுத வயலின் சால்களைப் போல மெல்லிய முகடுகள் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நெருக்கமாக ஓடுவது அப்போது தெரியும். உள்ளங்காலிலும் இவை உண்டு. உறுதியெழுதும் நொத்தாரிசு பெருவிரலில் மை தடவி ஒற்றியெடுப்பது இந்த முகடுகளையே.

நமது சாமுத்திரிகை நூல்களைப் பயில்கின்றவர்கள் இவ்விரண்டையுமே பார்ப்பதுண்டு. விரல் நுனியிற் சுழி இருந்தால் சக்கரம் என்றும், வளைந்து திரும்பும் கோடுகள் இருந்தால் சங்கு என்றும் கூறி, பத்து விரல்களில் எத்தனை சக்கரம், எத்தனை சங்கு என்று எண்ணிப் பலன் சொல்லுவர். வைத்தீசுவரன் கோயிலில் நாடி பார்க்கின்றவர்கள் ஆண்களுக்கு வலக்கைப் பெருவிரலையும் பெண்களுக்கு இடக்கைப் பெருவிரலையும் ஒற்றியெடுத்து அதைக் கொண்டு ஓலை தேடுவதை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள்.

இதே முகடுகளை மேற்குலகின் வைத்தியர்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியைச் சுட்டிக்காட்டி, "பார்த்தீர்களா, விஞ்ஞானமே கைரேகையை ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சொல்லுகின்ற குரலை நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் கேட்டு வந்திருக்கிறேன். வாசகர் கடிதங்களில் அது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வந்துவிடும். ஆகவே அந்த ஆராய்ச்சி எதைக் கண்டது, எங்கே தோற்றது, எங்கே வென்றது, பிறகு ஏன் பின்வாங்கியது என்பதை ஒழுங்காகச் சொல்லி வைப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

முகடுகள் பிறக்கும் காலம்

தாயின் வயிற்றிற் கரு உருவாகி ஏழு எட்டு வாரங்கள் ஆகும்போது அதன் விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சிறு திண்டுகள் எழும்புகின்றன. பூனையின் பாதத்தில் இருக்கும் மெத்தைகளை நினைத்துக் கொள்ளுங்கள். சில வாரங்களில் இந்தத் திண்டுகள் மெல்ல அமுங்கத் தொடங்கும். அமுங்கிக் கொண்டிருக்கும் அந்த வேளையில், ஏறக்குறைய பத்தாம், பதினோராம் வாரமளவில், தோலின் அடிப்பகுதியில் முகடுகள் தோன்றத் தொடங்குகின்றன.

அப்போது திண்டு உயர்ந்து உருண்டையாக நின்றால் முகடுகள் அதைச் சுற்றி வளைத்துச் சுழியாக அமையும். பாதியளவு தணிந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவை ஒரு புறத்தில் நுழைந்து அதே புறமாகத் திரும்பும். இதைக் கண்ணி என்போம். திண்டு ஏறக்குறையத் தட்டையாகிவிட்டிருந்தால் முகடுகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வில்லாக அமையும். ஐந்தாம் மாதத்திற்குள் இந்த அமைப்புப் பெரும்பாலும் உறுதியாகிவிடும். அதன் பின்னர் அந்த மனிதன் இறக்கும் வரை முகடுகளின் ஒழுங்கு மாறுவதில்லை. தோலின் மேற்பகுதி உரிந்தாலும் அதே கோலம் மீண்டும் வளரும். அடித்தோல் வரை செல்லும் ஆழமான காயம் மாத்திரமே அதைக் கலைக்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகடுகள் கருவின் மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரையான ஒரு குறுகிய காலத்தின் பதிவுகள். அந்த வாரங்களிற் கருவின் வளர்ச்சியைக் குழப்பிய ஏதாவது நடந்திருந்தால் அதன் சுவடு கையில் நின்றுவிடக்கூடும். பின்னர் நடக்கின்ற எதுவும், பள்ளிக்கூடமோ திருமணமோ செல்வமோ, அந்தக் கோலத்திலே ஒரு முகட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மருத்துவ ஆராய்ச்சி முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது.

கால்ட்டனின் ஏமாற்றம்

விரல் முகடுகளை முதன் முதலில் ஒன்பது வகைகளாகப் பிரித்து எழுதியவர் யோன் புர்க்கின்யே என்னும் செக் நாட்டு உடற்றொழிலியலாளர். ஆண்டு 1823. அவர் அவற்றை அடையாளங் காண்பதற்கோ பலன் சொல்வதற்கோ பயன்படுத்தவில்லை. அதன்பின் எழுபது ஆண்டுகள் கழித்து, 1892ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் விரல் அடையாளங்களைப் பற்றிய தமது பெரிய நூலை வெளியிட்டார். வில், கண்ணி, சுழி என்ற மூன்று பிரிவுகள் அவர் வகுத்தவை.

கால்ட்டனுக்கு இதில் ஓர் உள்நோக்கம் இருந்தது. மனிதரில் உயர்ந்த வித்துக்களைப் பெருக்கித் தாழ்ந்த வித்துக்களைக் குறைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இற் பெயர் சூட்டியவரே அவர்தாம். விரல் முகடுகளைப் பார்த்து இனத்தையும் அறிவையும் குணத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் எதிர்பார்த்தார். ஆகவே ஆங்கிலேயர், வேல்ஸ் மக்கள், யூதர், ஆபிரிக்கர் ஆகியோரின் விரல்களை ஒப்பிட்டார். விஞ்ஞான மாணவர்கள், ஓவிய மாணவர்கள், வயற்கூலிகள், மனவளர்ச்சி குன்றியோருக்கான காப்பகத்தில் இருந்தோர் என்று பிரித்தும் ஒப்பிட்டார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. சில கூட்டங்களில் ஒரு வகை சற்றுக் கூடுதலாகவும் வேறு சிலவற்றிற் குறைவாகவும் இருந்ததேயன்றி, ஒருவரது விரலைப் பார்த்து அவர் அறிஞரா, மூளை வளர்ச்சி குன்றியவரா என்று சொல்ல வழியே இருக்கவில்லை. பேரறிஞர்களின் விரல்களில் உள்ள அதே கோலங்கள் காப்பகத்தில் இருந்தோரின் விரல்களிலும் இருந்தன. இதை அவர் மறைக்கவில்லை. தமது எதிர்பார்ப்புப் பொய்த்துவிட்டது என்பதை அதே நூலில் எழுதி வைத்தார்.

கால்ட்டனின் சமூகக் கருத்துக்கள் பலவற்றை இன்று நாம் வெறுப்புடனேயே படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் விரல் முகட்டிற் குணம் எழுதப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியை, "ஆம்" என்ற விடையைக் காண்பதற்கு எவரைக் காட்டிலும் ஆவலாக இருந்த ஒருவரே சோதித்து, "இல்லை" என்று முடித்து வைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கமின்ஸ் கண்ட கோணம்

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலுள்ள ரூலேன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர் ஹரோல்ட் கமின்ஸ். இந்தத் துறைக்கு "டேர்மட்டோகிளிஃபிக்ஸ்" என்ற பெயரை 1926ஆம் ஆண்டில் அவரும் சார்ல்ஸ் மிட்லோவும் சூட்டினர். தோலிற் செதுக்கியது என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். கருவின் திண்டுகளுக்கும் முகடுகளின் கோலத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தவரும் அவரே.

1930களில் கமின்ஸ், இன்று டவுண் சின்ட்ரோம் என்று அழைக்கப்படும் நிலையுடன் பிறந்த பிள்ளைகளின் கைகளை ஆராய்ந்தார். அக்காலத்தில் இந்நிலைக்கு மொங்கோலிய இனத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அது ஓர் இனத்தை இழிவு செய்வது என்று 1961இல் அறிஞர்கள் கூடி எதிர்த்த பின்னரே அப்பெயர் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பிள்ளையின் உள்ளங்கையில் மெல்லிய படலமாக மை தடவித் தாளில் ஒற்றியெடுப்பார்கள். அந்தப் பதிவில், மூன்று திசைகளில் ஓடிவரும் முகடுகள் ஒன்றையொன்று சந்திக்கின்ற புள்ளிகள் தெரியும். இவற்றை நாம் முச்சந்திகள் என்று சொல்லலாம். சுட்டுவிரலின் அடியில் ஒரு முச்சந்தி, சுண்டுவிரலின் அடியில் ஒரு முச்சந்தி, மணிக்கட்டுக்கு அருகில் உள்ளங்கையின் நடுவில் ஒரு முச்சந்தி. கீழே உள்ள முச்சந்தியிலிருந்து மேலே உள்ள இரண்டுக்கும் அடிமட்டம் வைத்து இரு கோடுகள் வரைந்தால் ஒரு கோணம் கிடைக்கும்.

சாதாரணமாக வளர்ந்தோரின் கையில் இந்தக் கோணம் 45 பாகையை ஒட்டி இருக்கும். டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களிற் பலருக்குக் கீழ் முச்சந்தி மணிக்கட்டை விட்டு மேலேறி உள்ளங்கையின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறது. அதனாற் கோணம் விரிந்து 60 பாகையையும் 70 பாகையையும் தாண்டிவிடும். இதனுடன் வேறு அடையாளங்களும் சேர்ந்து வருவதுண்டு. பத்து விரல்களிலும் சின்னவிரற் பக்கமாகத் திறக்கும் கண்ணிகளே இருப்பது அவற்றுள் ஒன்று. உள்ளங்காலிற் பெருவிரலுக்குக் கீழே உள்ள பகுதியில் அபூர்வமான ஒருவகை வில் காணப்படுவது இன்னொன்று.

இந்த அளவீட்டிலே தவறு நேரும் இடங்களும் உண்டு. விரல்களை விரித்து வைத்து ஒற்றினாற் கோணம் கூடும், சேர்த்து வைத்து ஒற்றினாற் குறையும். குழந்தையின் கை வளரும்போது அகலத்திலும் பார்க்க நீளத்திற் கூடுதலாக வளருவதாற் கோணமும் வயதுடன் ஓரளவு குறையும். ஆகவே பச்சைக் குழந்தையின் கோணத்தை வளர்ந்தவரின் கோணத்துடன் ஒப்பிடுவது பிழை. இதையெல்லாம் அந்த ஆய்வாளர்கள் கணக்கிலெடுத்தார்கள்.

தாய்மார் மீதிருந்த பழி

இந்தக் கண்டுபிடிப்பால் நேர்ந்த நன்மையொன்றை வரலாறு போதிய அளவு பேசவில்லை என்பது எனது எண்ணம். டவுண் சின்ட்ரோம் பற்றி 1866இல் முதன் முதலில் எழுதிய லாங்டன் டவுண், பெற்றோரின் காசநோயே அதற்குக் காரணம் என்று கருதினார். பின்னர் வந்தவர்கள் சிபிலிஸ் நோய், மதுப்பழக்கம் என்று வெவ்வேறு காரணங்களைச் சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் பிள்ளையின் நிலைக்குப் பெற்றோரின் ஒழுக்கமோ தாயின் கவனக்குறைவோ காரணம் என்ற பழி வந்து சேர்ந்தது.

கை முகடுகள் இதற்கு ஒரு விடை சொல்லின. கோணம் விரிந்திருக்கிறதென்றால், குழப்பம் முகடுகள் உறுதியாவதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பது பொருள். ஏழாம் மாதத்தில் தாய் பயந்ததோ, எட்டாம் மாதத்தில் விழுந்ததோ, பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலோ இதற்குக் காரணமாக இருக்க முடியாது. உள்ளங்கையிற் பதிந்திருந்த அந்தக் கோணம் தாய்க்குச் சாட்சியாக வந்து நின்றது.

ஒரு கோடு போதுமா?

அடுத்த கேள்வி இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு புதிதாகப் பிறந்த ஒரு குழந்தைக்கு டவுண் சின்ட்ரோம் இருக்கிறது என்று வைத்தியர் சொல்லலாமா என்பது. 1950களில் இது மிகப் பெரிய கேள்வி. பரிசோதிப்பதற்கு வேறு வழி எதுவும் அப்போது இருக்கவில்லை. பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். தவறாக "ஆம்" என்று சொன்னால் ஒரு குடும்பம் காரணமில்லாமல் உடைந்து போகும்.

மடிப்புக் கோடு ஒன்றை முதலில் எடுத்துக் கொள்வோம். சோதிடர்கள் புத்தி ரேகை, இருதய ரேகை என்று கூறும் இரண்டும் ஒன்றாகி, உள்ளங்கையின் குறுக்கே ஒரே கோடாக ஓடுவதுண்டு. டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. ஆனால் வேறெந்தக் குறையும் இல்லாத மக்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஒரு கையிலாவது இது காணப்படும்.

இப்போது 10,000 பிரசவங்களை வைத்துக் கணக்கிடுவோம். 800 பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவிற் பார்த்தால் இவர்களில் சுமார் 12 பிள்ளைகளுக்கு டவுண் சின்ட்ரோம் இருக்கும். அவர்களிற் பாதி, அதாவது 6 பேர், இந்த ஒற்றைக் கோட்டுடன் பிறப்பார்கள். மிகுதி 9,988 பேரில் நூற்றுக்கு இரண்டு பேர் என்று குறைத்து மதிப்பிட்டாலும் ஏறக்குறைய 200 பேருக்கு அதே கோடு இருக்கும். ஆக 206 கைகளில் ஒற்றைக் கோடு உண்டு. அவற்றுள் 6 மாத்திரமே டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கைகள். கோட்டைக் கண்டவுடனே தீர்ப்புச் சொல்லுகிற வைத்தியர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை தவறிவிடுவார். அதுமட்டுமன்றி, டவுண் சின்ட்ரோம் உள்ள மற்றைய ஆறு பிள்ளைகளையும் அவர் தவறவிடுவார்.

இந்தப் பொறியிலிருந்து தப்புவதற்கு வழி தேடியவர் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த நோர்மா ஃபோர்ட் வோக்கர். ஓர் அடையாளத்தை நம்பாமல், விரல்களின் கோலம், உள்ளங்கைக் கோணம், உள்ளங்காலின் கோலம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒவ்வோர் அடையாளமும் டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் எத்தனை மடங்கு கூடுதலாக வருகிறது என்று கணித்து, அவற்றை ஒரே சுட்டெண்ணாக ஆக்கினார். 1957இல் அது வெளியானது. இந்தச் சுட்டெண்ணைக் கொண்டு பத்தில் ஏழு பேரளவில் உறுதியாகச் சொல்ல முடிந்தது. மிகுதிப் பேரின் எண்கள் இரு கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்ற நடுப்பகுதியில் விழுந்தன. அவர்களைப் பற்றி இந்த முறையாற் சொல்ல முடியாது என்பதே முறையின் விடை.

இந்த நடுப்பகுதியை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரையில், தம்மிடம் வந்த கையைப் பார்த்து, "இந்தக் கையைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது" என்று கூறித் தட்சணையைத் திருப்பிக் கொடுத்த கைரேகைக்காரர் எவரும் இல்லை.

பாரிசில் முடிந்த தேடல்

இதே காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லயனல் பென்ரோஸ் என்ற மருத்துவர் உள்ளங்கைக் கோணத்தைக் குடும்பம் குடும்பமாக அளந்து வந்தார். கால்ட்டனின் பெயரால் அமைந்த ஆய்வுகூடத்தின் தலைவராக 1945இல் அவர் அமர்ந்தார். அந்தப் பதவியின் பெயர் "இனமேம்பாட்டுப் பேராசிரியர்". பென்ரோஸ் இனமேம்பாட்டுக் கொள்கையை அடியோடு வெறுத்தவர். பல ஆண்டுகள் போராடி, 1963இல் அந்தப் பெயரை "மனித மரபியல்" என்று மாற்றினார். கால்ட்டன் மனிதரைத் தரம் பிரிக்க நாடிய அதே முகடுகளைப் பென்ரோஸ் நலிந்த பிள்ளைகளைப் புரிந்து கொள்வதற்காக எடுத்துக்கொண்டார்.

பிரான்சில் றேமண்ட் தூர்ப்பன் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய இளம் உதவியாளரான ஜெரோம் லெஜேனும் டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கைகளையும் அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தோர் கைகளையும் ஒற்றியெடுத்து ஆராய்ந்தார்கள். 1953இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கைகளில் மட்டுமன்றி உடல் முழுவதிலும் பல இடங்களில் ஒரே வேளையில் மாற்றம் தெரிவதை ஒரு பரம்பரையலகின் கோளாறாக விளக்குவது கடினம். பல அலகுகளைச் சுமக்கின்ற நிறமூர்த்தத்திலேயே கோளாறு இருக்கலாம் என்ற ஊகம் அறிஞரிடையே முன்னரே இருந்தது. தமிழகத்தவர் குரோமோசோம் என்று வழங்குவதையே நாங்கள் இலங்கையில் நிறமூர்த்தம் என்று படித்தோம்.

ஊகத்தை நிரூபிப்பதற்கு மனிதக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்க வேண்டும். அந்த வித்தையைத் தூர்ப்பனின் பிரிவுக்குக் கொண்டு வந்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். அமெரிக்காவில் ஓராண்டு பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், போதிய வசதியில்லாத ஓர் அறையில், தமது சொந்த இரத்தத்தின் ஊனீரைக்கூட வளர்ப்பூடகத்துக்குப் பயன்படுத்திக் கலங்களை வளர்த்தார். 1958இல் டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளையின் கலத்தில் 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 இருப்பது தெரிந்தது. கண்ணாடித் தகடுகளைப் படமெடுப்பதற்கென லெஜேன் கொண்டு சென்றார். 1959 ஜனவரியில் மூவர் பெயரிலும் வெளிவந்த அறிக்கையில் லெஜேனின் பெயர் முதலாவதாக இருந்தது. புகழும் அவருக்கே போயிற்று. கோத்தியேயின் பங்கைப் பிரெஞ்சு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அறநெறிக் குழு 2014இலேயே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அவர் 2022இற் காலமானார்.

கவனிக்க வேண்டியது இதுதான். கையின் முகடுகளிலிருந்து தொடங்கிய தேடலின் ஒரு கிளை நிறமூர்த்தத்திற் போய் முடிந்தது. முடிந்தவுடன் முகடுகளின் தேவை குறைந்து போயிற்று. இரத்தத்தை எடுத்து நிறமூர்த்தங்களை எண்ணினால், வோக்கரின் சுட்டெண் "சொல்ல முடியாது" என்று விட்டுவைத்த பிள்ளைகளுக்கும் விடை கிடைத்துவிடும். 1960களிலும் 1970களிலும் கைமுகடுகள் பற்றிய கட்டுரைகள் குவிந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கைக்கோலம் தேடப்பட்டது. சிறிய கூட்டங்களிற் கண்ட தொடர்புகள் பல, பெரிய கூட்டங்களில் மீண்டும் தேடியபோது நிலைக்கவில்லை. இன்று குழந்தை வைத்தியர் ஒற்றைக் கோட்டைக் கண்டால் மற்றைய அடையாளங்களையும் தேடுவார். தேவையென்று கருதினால் நிறமூர்த்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

சராசரியும் தனிமனிதரும்

துறை முற்றாக மறைந்துவிடவில்லை. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரிற் பிறந்து ஐம்பது வயதை அண்மித்திருந்த 139 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 1993இல் வெளியாயிற்று. டேவிட் பார்க்கர் முதலியோர் நடத்தியது. விரல்களிற் சுழி உள்ளவர்களின் சராசரி இரத்த அழுத்தம் சுழி இல்லாதவர்களினுடையதிலும் பார்க்க உயர்ந்திருந்தது. கருவிற் சரியாக வளராதவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் கூடலாம் என்ற பார்க்கரின் கொள்கைக்கு முகடு ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது.

கைரேகைக்காரர் விரும்பி மேற்கோள் காட்டக்கூடிய ஆய்வு இது. ஆனால் அது பேசுவது இரு கூட்டங்களின் சராசரியைப் பற்றி. சுழியுள்ள பலருக்கு இரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது, சுழியில்லாத பலருக்குக் கூடியிருந்தது. உங்கள் விரலிற் சுழியைக் கண்ட வைத்தியர் உங்களுக்கு இரத்த அழுத்தம் என்று சொல்லமாட்டார். கருவியைக் கையிற் கட்டி அளந்து பார்ப்பார்.

முகடுகள் எப்படி உருவாகின்றன என்பது அண்மையில் மேலும் தெளிவாகியிருக்கிறது. கைகால்களின் வளர்ச்சியை வழிநடத்தும் பரம்பரையலகுகளே விரற் கோலங்களின் வேறுபாட்டுக்கும் காரணமாகின்றன என்பது 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றின் முடிவு. எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல், முகடுகள் விரல் நுனியின் சில இடங்களிலிருந்து அலைபோலப் புறப்பட்டு ஒன்றையொன்று சந்திப்பதாற் கோலம் பிறக்கிறது என்று காட்டினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களின் முகடுகள் மிக நெருங்கியிருந்தும் ஒன்றாக இல்லாதிருப்பதன் காரணம் இதனால் விளங்குகிறது.

ஆயுள் ரேகையை அளந்தபோது

கைரேகைக் கூற்றுக்களை எவரும் சோதித்ததில்லை என்று எண்ண வேண்டாம். 1974இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வில்சன், மேதர் என்ற இருவர் 51 சடலங்களின் ஆயுள் ரேகையை அளந்து எழுதினார்கள். ரேகையின் நீளத்துக்கும் இறந்த வயதுக்கும் தொடர்பு இருக்கவில்லை. 1990இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 100 சடலங்களை அளந்த வேறு வைத்தியர்கள் ஒரு தொடர்பைக் கண்டதாக எழுதினார்கள். நீண்ட ரேகை, நீண்ட ஆயுள்!

சோதிடர் மகிழலாம். ஆனால் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அளந்தது இறந்த பின்னர். ஆயுள் ரேகை ஒரு மடிப்பு. முதுமையில் தோல் தளர்ந்து சுருங்கும்போது முகத்தின் சுருக்கங்களைப் போலவே கையின் மடிப்புகளும் ஆழமாகி நீளும். எண்பது வயதுவரை வாழ்ந்தவரின் மடிப்பு நீண்டிருப்பதற்கு அவர் எண்பது வயதுவரை வாழ்ந்ததே போதிய காரணம். ரேகை ஆயுளைக் கொடுத்ததா, ஆயுள் ரேகையை நீட்டியதா என்று பிரித்தறிய வேண்டுமானால், இருபது வயதில் அளந்துவிட்டு அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மடிப்புக்கும் முகட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே மீண்டும் முன்னுக்கு வருகிறது. முகடு வாழ்நாள் முழுவதும் மாறாது. மடிப்பு மாறும்.

புதிய சட்டையில் பழைய சோதிடம்

இவ்வளவையும் எழுதத் தூண்டியது வயலோரக் கைரேகைக்காரர் அல்லர். அவர் வாங்குவது சிறு தொகை, சொல்வது நாலு நல்ல வார்த்தை. எனது கவலை வேறு. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளில் இப்போது பிள்ளைகளின் பத்து விரல்களையும் கணினியிற் பதிவு செய்து, "இந்தப் பிள்ளைக்குக் கணிதம் வரும், இதற்குச் சங்கீதம் வரும், இது எந்தத் தொழிலுக்குப் பொருந்தும்" என்று வண்ண அறிக்கை கொடுக்கும் வியாபாரம் நடக்கிறது. அறிக்கையின் முன்பக்கத்திற் கமின்ஸ், பென்ரோஸ் போன்றோரின் பெயர்கள் இருக்கும். புலம்பெயர்ந்த நமது பெற்றோரும் பணம் கட்டிப் பிள்ளையின் விரலை நீட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். முகடும் மூளையும் கருவில் ஒரே வெளிப்படையிலிருந்து, ஒரே காலத்தில் உருவாகின்றன, ஆகவே முகடு மூளையின் கண்ணாடி என்பார்கள். முதற் பாதி பெரும்பாலும் சரி. ஆனால் மயிரும் நகமும் பல்லின் மிளிரியும் அதே வெளிப்படையிலிருந்தே தோன்றுகின்றன. நகத்தைப் பார்த்து எவரும் கணித அறிவைச் சொல்வதில்லை. ஒவ்வொரு விரலும் மூளையின் ஒவ்வொரு பகுதிக்கு உரியது என்ற அட்டவணைக்கு கமின்சிடமும் ஆதாரம் இல்லை, பென்ரோசிடமும் இல்லை. குணத்தையும் அறிவையும் விரலில் தேடிய கால்ட்டன் 1892இலேயே வெறுங்கையுடன் திரும்பினார் என்பதை அந்த அறிக்கைகள் சொல்வதில்லை.

ஆகவே அத்தகைய அறிக்கையை நீட்டுகின்றவரிடம் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதே கோலம் உள்ள பிள்ளைகள் எத்தனை பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் கூற்றுப் பலிக்கவில்லை? எந்தக் கையைப் பற்றி உங்களாற் சொல்ல முடியாது? வோக்கர் அம்மையாரிடம் 1957இல் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் எண்ணிக்கையுடன் விடை வந்திருக்கும்.

பிள்ளையின் விரல் முகடு, அது பிறப்பதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்னரே எழுதி முடிக்கப்பட்ட ஒரு குறிப்பு. தாயின் வயிற்றுக்குள் அந்தச் சில வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதற்கு மேலாக அதிலே ஒன்றும் இல்லை. அதற்குப் பின் வருவதையெல்லாம் அந்தக் கை இனிமேல்தான் செய்ய வேண்டும்.